பாம்பு கடித்த என் அப்பாவுக்கு அவசர சிகிச்சை மறுத்துத் திருப்பி அனுப்பிய அரசு மருத்துவமனை மீது புகார்

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாநில மனித உரிமைகள் ஆணையம்,
143, பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை,
சென்னை 600028.

நாள்: 3.11.2025

ஐயா,

வணக்கம். எங்கள் தாலுகா அரசு மருத்துவமனையின் பதிவேட்டைப் பார்த்தால் 12.9.2025 அன்று என் அப்பா அங்கே வரவே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் கேட்டதற்கு அப்படித்தான் எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர் வந்தார், அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் இருக்கிற சிமெண்ட் திண்ணையில் முக்கால் மணி நேரம் கிடந்தார், பக்கத்தில் நான் இருந்தேன். இந்தப் புகாரே அதைப் பற்றித்தான். மருத்துவமனையின் பெயர், எங்கள் முகவரி, கைபேசி எண் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு 54 வயது. மல்லாட்டை பிடுங்கிப் போட்டிருந்ததால் முந்தின நாள் ராத்திரி காவலுக்குக் களத்திலேயே பாய் விரித்துப் படுத்திருந்தார். இரவு 11 மணி வாக்கில் கையில் சுருக்கென்று ஏதோ குத்தியதாம், உதறிவிட்டு டார்ச் அடித்தால் கருப்பு உடம்பில் வெள்ளை வரி போட்ட பாம்பு செடிக் குவியலுக்குள் போகிறது. கட்டுவிரியன். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். தம்பி டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்தான், அப்பாவை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் நான் பிடித்துக்கொண்டு 14 கிலோமீட்டர் போனோம். உள்ளே போனபோது மணி 12.10.

டூட்டி டாக்டர் இல்லை. இருந்தது ஒரு நர்ஸ் அம்மாவும் ஒரு வாட்ச்மேனும்தான். அந்த அம்மா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கடித்த தடமே தெரியவில்லை, வீக்கமும் இல்லை, பூச்சி ஏதாவது கடித்திருக்கும் என்றார். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வீங்காது, வலியும் அதிகம் இருக்காது, பல் பட்ட இடம் கொசு கடித்த மாதிரிதான் இருக்கும், விஷம் நரம்பைப் பிடித்து மூச்சை நிறுத்தும். இது பிறகு மருத்துவக் கல்லூரி டாக்டர் சொல்லி எங்களுக்குத் தெரிந்தது. அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருப்பவருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

அப்பாவுக்கு அப்போதே வயிற்று வலி தொடங்கிவிட்டது. 12.25 இருக்கும், இமை தானாகக் கீழே இறங்கியது. கண்ணைத் திற என்றால் நெற்றியைச் சுருக்கித் தலையை அண்ணாந்துதான் எங்களைப் பார்க்க முடிந்தது. பேச்சு குழறியது. நான் திரும்ப உள்ளே ஓடிக் கேட்டபோது வந்த பதில்: "மருந்து ஸ்டாக் இல்லை, டாக்டரும் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க." சரி, அனுப்புவதாக ஒரு சீட்டாவது எழுதிக் கொடுங்கள், ஆம்புலன்சாவது கூப்பிடுங்கள் என்றேன். சீட்டு எழுதினால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஓபி சீட்டு, ரெஃபரல் சீட்டு எதுவும் போடவில்லை, பிரஷர்கூடப் பார்க்கவில்லை.

108-க்கு என் கைபேசியில் இருந்து நானே கூப்பிட்டேன். மணி 12.37. வண்டி 12.55-க்கு வந்து எங்களை ஏற்றிய இடம் அந்த மருத்துவமனையின் கேட். வழியில் அப்பாவுக்கு மூச்சு திணறி, 108-ல் வந்த ஊழியர் அப்பாவின் முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பையை அழுத்தி அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டே வந்தார். அவர் இல்லாவிட்டால் இந்தப் புகாரை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1.50-க்குச் சேர்த்தவுடனே விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றி வெண்டிலேட்டரில் போட்டார்கள். 6 நாள் வெண்டிலேட்டர், மொத்தம் 13 நாள் வார்டு. பிழைத்துவிட்டார். ஆனால் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறார், பிடுங்கிய மல்லாட்டை மழையில் நனைந்து முளைத்துப் போனது, என் கழுத்துச் சங்கிலி அடகில் இருக்கிறது.

தகவல் உரிமையில் வந்த பதிலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அவர்கள் யோசிக்காமல் எழுதிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அன்றைய தேதியில் பாம்பு விஷமுறிவு மருந்து 32 குப்பி கையிருப்பு இருந்ததாம்! மருந்து இல்லை என்று எங்களிடம் சொன்னது பொய், அல்லது அந்த அம்மாவுக்கே தெரியாது. இரண்டில் எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நர்ஸ் ஒருவர் மேல் மட்டும் பழியைப் போட்டு முடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. இந்த மருந்து சிலருக்கு ஒவ்வாமல் போய் உயிருக்கே ஆபத்தாகும், டாக்டர் பக்கத்தில் இல்லாமல் போட அவர் பயந்திருக்கலாம், அது நியாயமான பயம்தான். அப்படியானால் அந்த இரவில் டூட்டி யாருடையது, அவர் எங்கே இருந்தார், அவருக்குப் போன் செய்தார்களா? இதற்குத்தான் எனக்குப் பதில் வேண்டும். தமிழ்நாட்டில் பாம்புக்கடியை 2024-ல் அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அரசே அறிவித்தது, மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டிலேயே ஏற்றாத ஆளை எப்படித் தெரிவிப்பார்கள்?

மேற்கு வங்கத்தில் ரயிலில் இருந்து விழுந்து அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைப் பல அரசு மருத்துவமனைகள் இடமில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கில், உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்து, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. எங்களுக்கு நடந்ததும் அதுவேதான். அவர்கள் அரசு ஊழியர்கள் என்பதாலும், சம்பவம் நடந்து ஓராண்டு ஆகவில்லை என்பதாலும், மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1993-ன்படி இது ஆணையத்தின் வரம்புக்குள் வருகிறது. இதே விஷயமாக வேறு எந்த நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ நாங்கள் வழக்குப் போடவில்லை.

ஆணையம் முதலில் செய்ய வேண்டியது ஆவணங்களைக் கைப்பற்றுவது, ஏனென்றால் நாள் ஆக ஆக அவை காணாமல் போகும். அன்றைய இரவு டூட்டி பட்டியல், வருகைப் பதிவேடு, விஷமுறிவு மருந்தின் ஸ்டாக் புத்தகம், கேட்டில் இருக்கிற சிசிடிவி பதிவு, 108 கட்டுப்பாட்டு அறையில் 12.37-க்குப் பதிவான என் அழைப்பும் வண்டி ஆள் ஏற்றிய இடமும். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி 20.9.2025 அன்றே பதிவுத் தபாலில் கண்காணிப்பாளருக்கு எழுதினேன், ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. 108 பதிவு ஒன்றே போதும், நாங்கள் எங்கே நின்றோம் என்று அது சொல்லிவிடும்.

பொறுப்பானவர்கள் மேல் துறை நடவடிக்கைக்கும், அப்பாவின் மேல் சிகிச்சைக்கும் இழந்த கூலிக்கும் சேர்த்து 3 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கும் அரசுக்குப் பரிந்துரைக்கக் கேட்டுக்கொள்கிறேன். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால நிவாரணம் பரிந்துரைக்க மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் வழி இருக்கிறது என்று அறிகிறேன், அதையும் பரிசீலிக்க வேண்டும். அப்புறம், அந்த மருத்துவமனையில் இரவில் டாக்டர் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். எங்கள் ஊரில் அடுத்த அறுவடைக்கும் களத்தில்தான் படுப்பார்கள்.

மருத்துவக் கல்லூரி டிஸ்சார்ஜ் சம்மரி, தகவல் உரிமைப் பதில், என் கைபேசி அழைப்புப் பட்டியல், ஒப்புகை அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். கூப்பிட்டால் நானும் தம்பியும் எந்தத் தேதிக்கும் வருவோம். அப்பாவால் சென்னை வரை பஸ்ஸில் உட்கார்ந்து வர முடியாது, எங்கள் மாவட்டத்தில் முகாம் அமர்வு நடக்கும்போது அவரை விசாரித்தால் நல்லது.

இப்படிக்கு,
மு. செல்வி