நீலகிரி மலைத் தொகுப்பு: 01.04.2025 மறுகாப்பீட்டுப் புதுப்பித்தல், இழப்பு அனுபவமும் தொகுப்பு மாற்றங்களும்

பெறுநர்: ஒப்பந்தப் பிரிவுத் தலைவர், மறுகாப்பீட்டுத் தரகர் அலுவலகம், சென்னை
அனுப்புநர்: மறுகாப்பீட்டுப் பிரிவு, குன்னூர் மண்டல அலுவலகம்
தேதி: 22.01.2025
இணைப்புகள்: இழப்புப் பட்டியல், கிளெய்ம் விவரம், இடவாரி மதிப்புப் பட்டியல், 2009 மாதிரிக் கணக்கு

அன்புள்ள சார்,

வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு முன்பு போனில் கேட்ட விவரங்களை எல்லாம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். டிசம்பர் 31 வரையிலான கணக்கு இது. ஜிஐசி ரீக்குப் போகும் கட்டாயப் பங்கைக் கழித்த பிறகு வரும் தொகைகள்தான் எல்லாம்.

எண்களுக்கு முன்னால் ஒன்று. சந்தையில் இந்தத் தொகுப்பைக் காட்டும்போது 'நீலகிரி' என்று ஒரே பெயரில் காட்ட வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்தை அடிக்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கத்தை அடிக்கும். நடுவில் தொட்டபெட்டா நிற்கிறது. ஒரு பக்கம் கொட்டும்போது மறுபக்கம் பல நேரம் லேசாகத் தூறிக்கொண்டிருக்கும். ஒரே மழையில் எங்கள் மொத்தத் தொகுப்பும் சேதமாகும் என்று நினைத்து விலை போட்டால் அது தவறான விலை. ஒரு பக்கத்தின் ஆறு வருட அனுபவத்தை வைத்து மறுபக்கத்தை எடை போடுவதும் தவறுதான். இதைச் சொல்லாமல் விட்டால் எங்களுக்குச் சாதகம் என்றாலும் சொல்லியாக வேண்டும், கீழே விளக்குகிறேன்.

ஆறு வருடக் கணக்கு (ரூபாய் கோடியில், முதலில் பிரீமியம், அடுத்து ஏற்பட்ட இழப்பு):

2019-20: 9.40, 11.85
2020-21: 9.95, 3.10
2021-22: 10.60, 5.35
2022-23: 11.80, 4.20
2023-24: 13.25, 4.65
2024-25, டிசம்பர் வரை: 11.50, 6.45 (இதில் 2.30 அவுட்ஸ்டாண்டிங்)

மொத்தம் 66.50 பிரீமியத்துக்கு 35.60 இழப்பு, அதாவது 53.5%. 2019-20ஐ எடுத்துவிட்டால் 41.6% ஆகிவிடும். ஆனால் அந்த வருடத்தை எடுக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. மலையில் அப்படி ஒரு வருடம் வரத்தான் செய்யும்.

ரிட்டென்ஷனான 2 கோடியைத் தாண்டிய நிகழ்வுகள் மூன்று. 2019 ஆகஸ்ட் மழையில் 7.60 கோடி. முதல் லேயரின் 3 கோடி முழுதும் போய், இரண்டாம் லேயரில் 2.60 கோடி விழுந்தது. அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்த மழை அது. 2021 நவம்பரில் குன்னூர் பக்கம் 2.70 கோடி. 2024 ஜூலையில் பந்தலூர், கூடலூர் பக்கம் 3.40 கோடி. முதல் லேயரின் பேர்னிங் காஸ்ட் 7.67%, இரண்டாம் லேயருக்கு 3.91%. 2019ல் கட்டிய விலையில் இன்று எதையும் கட்ட முடியாது. எங்கள் சர்வேயர்களின் கணக்குப்படி மறுகட்டுமானச் செலவு சுமார் 30% ஏறியிருக்கிறது. அதைச் சேர்த்தால் 2019 நிகழ்வு 9.88 கோடி ஆகும், இரண்டாம் லேயரின் பேர்னிங் காஸ்ட் 7.34% ஆகும். அண்டர்ரைட்டர்கள் எப்படியும் இதைப் போட்டுப் பார்ப்பார்கள். நாமே போட்டுக் கொடுப்பதுதான் முறை.

தீ விபத்துகள் எதுவும் 2 கோடியைத் தாண்டவில்லை. பெரியது 2023 பிப்ரவரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 1.85 கோடி. உலர்த்தும் பகுதியில் தங்கிய தேயிலைப் பஞ்சில் பிடித்த தீ. அதன் பிறகு எங்கள் ஆய்வுப் படிவத்தில் உலர்த்தியையும் விறகு ஹீட்டரையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்கிறார்கள் என்ற கேள்வியைச் சேர்த்தோம். பதில் சரியில்லை என்றால் பாலிசி கொடுப்பதில்லை.

இப்போது 2024 ஜூலை இழப்பு. 41 கிளெய்ம்கள், 29 முடிந்துவிட்டன. 1.90 கோடி கொடுத்தாயிற்று, 1.50 கோடி ரிசர்வில் இருக்கிறது. மீதி 12ல் ஐந்து கிளெய்ம்களில் சிக்கல் இருக்கிறது. மலையில் வீடோ விடுதியோ கட்ட வேண்டுமென்றால் மேல்பக்கம் மண்ணை வெட்டி, கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்பிச் சமப்படுத்துவார்கள். அப்படி நிரப்பிய மண் உள்ளே அமுங்கினால் நிலச்சரிவு பாதுகாப்பில் அது வராது, பாலிசியிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் மழைநாளில் நிரப்பிய மண்ணும் அதன் மேல் இருந்த பழைய சரிவும் சேர்ந்து இறங்கும்போது எது முதலில் நகர்ந்தது என்று யார் சொல்வது? இந்த ஐந்துக்கும் மண் பொறியாளரை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். பிப்ரவரி இறுதிக்குள் அறிக்கை வரும். ரிசர்வில் முழுத் தொகையையும் வைத்திருக்கிறேன். குறையலாம், அதிகமாகாது என்று நினைக்கிறேன்.

அந்த ஜூலை 30ஆம் தேதி எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை போனது. பந்தலூர் அங்கிருந்து வெகு தூரம் இல்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் சிலருக்கு அங்கே உறவினர்கள் இருந்தார்கள். ஆகஸ்டில் அவர்களிடம் கிளெய்ம் பற்றிப் பேசப் போனபோது சொத்துக் கணக்கு பேசவே மனம் வரவில்லை. அந்த மாதமே கூடலூர், பந்தலூரில் செங்குத்துச் சரிவில் இருக்கும் கட்டடங்களுக்குப் புதிய பாலிசி கொடுப்பதை நிறுத்தினோம். இன்னும் திறக்கவில்லை.

தொகுப்பு மாற்றங்கள்: காப்பீட்டுத் தொகை 3,420 கோடியிலிருந்து 3,960 கோடியாக ஏறியிருக்கிறது. பார்த்ததும் வேகமாக வளர்ந்துவிட்டோம் என்று தோன்றும், ஆனால் அதில் 310 கோடி பழைய வாடிக்கையாளர்களின் மதிப்பைத் திருத்தியதால் வந்தது. 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் சூக்ஷ்ம, பாரத் லகு உத்யம் பாலிசிகளில் 15% வரையிலான குறைகாப்பீட்டைக் கண்டுகொள்ளக் கூடாது. ஆகவே ஆரம்பத்திலேயே மதிப்பைச் சரியாக வாங்கினால்தான் எங்களுக்கும் உங்கள் சந்தைக்கும் நியாயம். இரண்டு வருடமாக எங்கள் ஆட்கள் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய் இதைச் செய்திருக்கிறார்கள். இந்த உழைப்புக்கு நீங்கள் சந்தையில் மதிப்புக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மீதி 230 கோடிதான் புதிய வியாபாரம். 170 கோடி குன்னூர், கோத்தகிரி பக்கம்: பச்சைத்தேயிலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகள், கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் நிலையங்கள், சில விடுதிகள். 60 கோடி கூடலூர், பந்தலூர். அதுவும் ஆகஸ்டுக்கு முன்பு எடுத்தது. 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்த பிறகு சில விடுதிகளின் வருமானம் குறைந்திருக்கிறது. நாங்கள் லாப இழப்புப் பாலிசி மிகக் குறைவாகவே கொடுக்கிறோம் என்பதால் இழப்பில் அது தெரியாது. ஆனால் பராமரிப்பைக் குறைக்கிறார்களா என்று கவனிக்கிறோம். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் மழைக்காலத்தில் சுவரே எதிரியாகிவிடும்.

இப்போது மேலே சொல்வதாகச் சொன்னது. இந்த ஆறு வருடத்தில் குன்னூர்–கோத்தகிரி பக்கம் நல்ல பிள்ளையாகத் தெரிகிறது. அதற்குக் காரணம், இந்த ஆறில் 2009 இல்லை. 2009 நவம்பர் 10ஆம் தேதி கேத்தியில் மட்டும் 82 செ.மீ. மழை பதிவானது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது எங்கள் தொகுப்பு மிகச் சின்னது, அதனால் எங்கள் பதிவேட்டில் அந்த நாள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அன்று பாதிக்கப்பட்ட இடங்களில் இன்று நமக்கு இருக்கும் சொத்துகளை எடுத்து மாதிரிக் கணக்கு போட்டோம். 14.10 கோடி வந்தது. தடுப்புச் சுவர், இடிபாடு அகற்றும் செலவு எல்லாம் முழுதாகக் கேட்கப்பட்டால் 17.60 கோடி. இப்போதைய உச்சவரம்பு 15 கோடி போதாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அப்புறம் மணிநேர விதி. இப்போதைய ஒப்பந்தத்தில் மழை, வெள்ளத்துக்கு 72 மணி நேரம். 2019ல் மழை பல நாள் நீடித்தது. ஊறிய மண் மழை விட்ட பிறகும் இறங்கியது. 72 மணிக்கு வெளியே விழுந்த 55 லட்சத்தை நாங்களே தாங்கினோம். அதைவிட வருத்தம், ஒரு மறுகாப்பீட்டாளர் ஒவ்வொரு சுவரும் எந்த மணிக்கு விழுந்தது என்று சான்று கேட்டு மாதக்கணக்கில் பணத்தை நிறுத்தி வைத்தது. நடுராத்திரியில் சுவர் விழும்போது யார் கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? வெள்ளம், நிலச்சரிவுக்கு 168 மணி நேரம் வேண்டும். இந்த ஒரு நிபந்தனையில் நாங்கள் பின்வாங்குவதாக இல்லை. விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை.

நாங்கள் கேட்கும் அமைப்பு: ரிட்டென்ஷனை 2 கோடியிலிருந்து 2.50 கோடியாக உயர்த்துகிறோம். சின்ன நிகழ்வுகளை நாங்களே சுமக்கத் தயார். முதல் லேயர் 2.50 கோடிக்கு மேல் 2.50 கோடி, அனுபவத்தை இந்த அமைப்பில் போட்டால் பேர்னிங் காஸ்ட் 5.41%. இரண்டாம் லேயர் 5 கோடிக்கு மேல் 10 கோடி. புதிதாக மூன்றாம் லேயர் 15 கோடிக்கு மேல் 5 கோடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு ரீஇன்ஸ்டேட்மென்ட், கட்டணத்துடன்.

விலையில் எங்கள் எண்ணம்: இப்போது முதல் லேயர் 9%, இரண்டாவது 4.50%. ரிட்டென்ஷன் ஏறுவதால் முதல் லேயருக்கு 7% கேளுங்கள். இரண்டாவதுக்கு 5.25% வரை போகலாம், 2019 கணக்கைப் பார்த்தால் அது நியாயம்தான். மூன்றாவதுக்கு 1%. மொத்தம் 13.25%, இப்போது கொடுக்கும் 13.50%க்குச் சற்றுக் கீழே. 2024-25 முழு வருடப் பிரீமியம் 15.30 கோடி, 2025-26க்கு 16.50 கோடி என்று மதிப்பிட்டிருக்கிறோம். வளர்ச்சியை வேண்டுமென்றேதான் குறைத்து வைத்திருக்கிறோம்.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி விலை பேச முடியுமா என்று சந்தையில் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், இணைப்பில் உள்ள இடவாரிப் பட்டியலையாவது தனித்தனிப் பக்கமாகக் காட்டுங்கள். முன்னணி மறுகாப்பீட்டாளரின் ஆட்கள் விரும்பினால் பிப்ரவரி இரண்டாம் வாரம் இங்கே வரட்டும். பர்லியாறு வழியாக ஏறி, கேத்தி பார்த்து, மறுநாள் பந்தலூர் போகலாம். நான் கூடவே வருகிறேன். பனிக்காலம், கம்பளி எடுத்துவரச் சொல்லுங்கள்.

முன்னணி விலை பிப்ரவரி 20க்குள் கிடைத்தால் மற்றவர்களிடம் பங்கு பேச நேரம் இருக்கும். மார்ச் 15க்குள் 100% உறுதியாக வேண்டும். எதிலாவது சந்தேகம் இருந்தால் மெயிலுக்குக் காத்திருக்காமல் போன் செய்யுங்கள் சார், காலை எட்டு மணியிலிருந்து அலுவலகத்தில் இருப்பேன்.

நன்றியுடன்,
மேலாளர், மறுகாப்பீட்டுப் பிரிவு
குன்னூர் மண்டல அலுவலகம்