குழாய்க் கசிவு: வீட்டுக்குள் வந்து பார்ப்பது பற்றிய அறிவிப்பு

நங்கநல்லூர், 11.06.2025

முதல் மாடி, தரைத்தளம் ஆகிய இரு வீடுகளிலும் குடியிருப்போர் கவனத்திற்கு,

தரைத்தள வீட்டுச் சமையலறைக் கூரையில் பத்து நாட்களாக ஈரம் ஊறுகிறது. அது இப்போது ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் தூரம் வரை வந்துவிட்டது. மேல் வீட்டுக் குளியலறையில் சுவருக்குள் போகும் குழாய் கசிகிறது என்று பிளம்பர் நினைக்கிறார். திறந்து பார்த்தால்தான் உறுதியாகும்.

எனவே 14.06.2025 சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள் நானும் பிளம்பரும் ஒரு கொத்தனாரும் வருகிறோம். முதலில் மேல் வீட்டுக் குளியலறை, அப்புறம் கீழ் வீட்டுச் சமையலறை. வேறு அறைகளுக்குள் போக மாட்டோம். நான் உடன் இல்லாமல் வேலையாட்கள் உள்ளே வர மாட்டார்கள்.

அந்த நேரம் முழுக்க இரு வீட்டிலும் தண்ணீர் வராது. 9 மணிக்குள் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மேல் வீட்டில் நான்கைந்து டைல்ஸை உடைக்க வேண்டி வரலாம். உடைத்ததைப் பதித்து, குப்பையை அள்ளிவிட்டுத்தான் கிளம்புவோம். செலவு முழுவதும் என்னுடையது, வாடகையில் எதுவும் சேராது.

வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். நீங்கள் ஏற்பாடு செய்துகொள்ளவே மூன்று நாள் முன்னதாகத் தருகிறேன். சனிக்கிழமை வசதிப்படாவிட்டால் வெள்ளி மாலைக்குள் சொல்லுங்கள், ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் தள்ளிப்போட எனக்குப் பயமாக இருக்கிறது. கீழ் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. அதுவரை அந்த ஸ்விட்ச் போர்டைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்