நிதி ஓட்ட அறிக்கை: இரண்டு இருப்புநிலைக் குறிப்புகளிலிருந்து ஒரு கணக்கும் அதன் விடையும்

வினா. ஒரு நிறுமத்தின் இருப்புநிலைக் குறிப்புகள் கீழே தரப்பட்டுள்ளன. தொகைகள் ஆயிரங்களில் உள்ளன.

| பொறுப்புகள் | 31.3.2023 | 31.3.2024 |
|---|---|---|
| பங்கு முதல் | 400 | 500 |
| பொதுக் காப்பு | 60 | 80 |
| இலாப நட்டக் கணக்கு | 50 | 74 |
| கடனீட்டுப் பத்திரங்கள் | 150 | 100 |
| கடனீந்தோர் | 90 | 106 |
| மொத்தம் | 750 | 860 |

| சொத்துகள் | 31.3.2023 | 31.3.2024 |
|---|---|---|
| நற்பெயர் | 60 | 45 |
| நிலமும் கட்டடமும் | 250 | 240 |
| இயந்திரம் | 160 | 250 |
| சரக்கிருப்பு | 110 | 145 |
| கடனாளிகள் | 120 | 142 |
| ரொக்கமும் வங்கியிருப்பும் | 50 | 38 |
| மொத்தம் | 750 | 860 |

கூடுதல் விவரங்கள்: ஆண்டில் 48 பங்காதாயமாக வழங்கப்பட்டது. ஏட்டு மதிப்பு 20 உள்ள ஓர் இயந்திரம் 26-க்கு ரொக்கத்திற்கு விற்கப்பட்டது. இயந்திரத்தின் மீது 25-உம் கட்டடத்தின் மீது 10-உம் தேய்மானம் நீக்கப்பட்டன. பங்குகள் முகமதிப்பில் ரொக்கத்திற்கு வெளியிடப்பட்டன; கடனீட்டுப் பத்திரங்கள் முகமதிப்பில் மீட்கப்பட்டன.

(அ) நடைமுறை முதலில் ஏற்பட்ட மாற்றத்தைக் கணக்கிடுக.
(ஆ) நிதி மூலங்களையும் பயன்பாடுகளையும் காட்டும் அறிக்கையைத் தயாரிக்க.
(இ) வாங்கிய இயந்திரத்தில் 30-க்கு உரியது ரொக்கமாகச் செலுத்தப்படாமல், விற்றவருக்குப் பங்குகளாகவே கொடுக்கப்பட்டிருந்தால் அறிக்கை எவ்வாறு மாறும்?

விடை (அ). நடப்புச் சொத்துகள் 280-லிருந்து 325 ஆகவும், நடப்புப் பொறுப்பான கடனீந்தோர் 90-லிருந்து 106 ஆகவும் உயர்ந்துள்ளன. ஆகவே நடைமுறை முதல் 190-லிருந்து 219 ஆகி, 29 அதிகரித்துள்ளது. ரொக்கம் 12 குறைந்திருப்பதைக் கண்டு நிதி குறைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது; இந்த அறிக்கையில் நிதி என்பது நடைமுறை முதலைக் குறிக்கும்.

விடை (ஆ). மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இயந்திரக் கணக்கு. இரண்டு ஆண்டுகளின் இருப்புகளை மட்டும் கழித்து, 90-க்கு இயந்திரம் வாங்கப்பட்டதாக எழுதிவிடுகிறார்கள். அந்த 90 வாங்கியது, விற்றது, தேய்மானம் ஆகிய மூன்றும் சேர்ந்த நிகர விளைவே. கணக்கை விரித்து எழுதினால் மறைந்திருக்கும் தொகை தானாக வெளிப்படும்: தொடக்க இருப்பு 160-லிருந்து விற்றதன் ஏட்டு மதிப்பு 20-ஐயும் தேய்மானம் 25-ஐயும் கழித்தால் 115 மிஞ்சுகிறது, இறுதி இருப்பு 250 என்பதால், 135-க்குப் புதிய இயந்திரம் வாங்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, இயக்கத்தின் மூலம் பெற்ற நிதியைக் காண வேண்டும். இலாப நட்டக் கணக்கின் இறுதி இருப்பு 74-உடன், நிதி வெளியேறாமல் பற்று வைக்கப்பட்டவையான பொதுக் காப்புக்கு மாற்றியது 20, போக்கெழுதிய நற்பெயர் 15, கட்டடத் தேய்மானம் 10, இயந்திரத் தேய்மானம் 25 ஆகியவற்றையும், தனியே பயன்பாடாகக் காட்டப்படவிருக்கும் பங்காதாயம் 48-ஐயும் கூட்டினால் 192 வருகிறது. இதிலிருந்து இயந்திர விற்பனை இலாபம் 6-ஐயும் தொடக்க இருப்பு 50-ஐயும் கழிக்க, 136 கிடைக்கிறது. விற்பனைத் தொகை 26 முழுவதும் மூலமாகத் தனியே வருவதால், அதற்குள் அடங்கிய இலாபம் 6-ஐ இங்கே கழிக்காவிட்டால் அதே தொகை இருமுறை சேர்ந்துவிடும்.

| நிதி மூலங்கள் | தொகை | நிதிப் பயன்பாடுகள் | தொகை |
|---|---|---|---|
| இயக்கத்தின் மூலம் பெற்ற நிதி | 136 | இயந்திரம் வாங்கியது | 135 |
| பங்கு வெளியீடு | 100 | கடனீட்டுப் பத்திரங்கள் மீட்பு | 50 |
| இயந்திர விற்பனை | 26 | வழங்கிய பங்காதாயம் | 48 |
| | | நடைமுறை முதல் அதிகரிப்பு | 29 |
| மொத்தம் | 262 | மொத்தம் | 262 |

பொதுக் காப்பில் கூடிய 20-ஐயும் நற்பெயரில் குறைந்த 15-ஐயும் மூலங்களாக எழுதுவது தவறு. அவை ஏட்டில் மட்டும் நிகழ்ந்த மாற்றங்கள். இந்தக் கணக்கில் அந்தத் தவறைச் செய்தால் இருபக்கமும் 35 வேறுபடும். அப்போது விடையைச் சரிக்கட்ட முயலாமல், இயக்க நிதிக்கான பகுதிக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

விடை (இ). பங்குகளைக் கொடுத்து இயந்திரம் பெறும்போது ஒரு நிலைச் சொத்தும் நீண்டகால முதலும் ஒன்றாகக் கூடுகின்றன. நடப்பு இனம் எதுவும் அசைவதில்லை. எனவே அந்த 30 அறிக்கையில் இரு பக்கத்திலும் இடம்பெறாது. பங்கு வெளியீடு 70 ஆகவும் இயந்திரம் வாங்கியது 105 ஆகவும் குறையும். இருபக்க மொத்தமும் 232 ஆகும். நடைமுறை முதலின் அதிகரிப்பு முன்போல 29 ஆகவே இருக்கும்.