பரிந்துரைக் கடிதம்: கவின், வயது 10, புளியரை

செங்கோட்டை

மதிப்பிற்குரிய ஹார்மோன் சிறப்பு மருத்துவர் அவர்களுக்கு, வணக்கம்.

கவினைக் கைக்குழந்தையிலிருந்து நான்தான் பார்த்து வருகிறேன். போன வருடம் 130 செ.மீ. இருந்தான். இன்று மூன்று முறை அளந்தும் 132தான். அதற்கு முன் வருடத்துக்கு 6 செ.மீ. வளர்ந்தவன். எடை மட்டும் 27 கிலோவிலிருந்து 31 ஆகியிருக்கிறது. வீட்டு நிலைக்கதவில் பென்சிலால் கோடு போட்டு வைக்கும் அம்மாதான் முதலில் கவனித்தார். போன வருட பள்ளிக்கூட பேன்ட் இன்னும் நீளம் சரியாக இருக்கிறதாம்.

அப்பா 172, அம்மா 158 செ.மீ. ஆகவே குடும்ப வாகு என்று விட மனமில்லை. பருவ மாற்றம் தொடங்கவில்லை. ஹீமோகுளோபின், டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, சீலியாக் பரிசோதனை எல்லாம் சரி. இடது மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது 8 போலத் தெரிகிறது. ஸ்டீராய்டு எதுவும் எடுக்கவில்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று: இரண்டு மாதமாக வாரம் ஓரிரு நாள் காலையில் தலைவலி. வாந்தி இல்லை, கண் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் இயல்பு. இருந்தாலும் ஐ.ஜி.எஃப்-1, பிட்யூட்டரி எம்.ஆர்.ஐ. பற்றி இந்த வாரமே முடிவு செய்தால் நல்லது.

அப்பா புனலூரில் மர அறுவை மில்லில் வேலை. ஞாயிறு மட்டும்தான் வீட்டில். அம்மாவிடம் தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள், நன்றாகப் புரிந்துகொள்வார். வளர்ச்சி அட்டை, எக்ஸ்ரே இணைத்துள்ளேன்.

அன்புடன்,
குழந்தைகள் நல மருத்துவர்