ஆசிரியர் பணியிடங்களுக்கு விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரக் கிராமப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் பயிலும் எமது சுயநிதி மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில், 2026–27 கல்வியாண்டில் பணியேற்கத் தகுதியுள்ள ஆசிரியர்களிடமிருந்து விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன.

11, 12ஆம் வகுப்புகளுக்கு இயற்பியல், வணிகவியல் பாடங்களில் தலா ஒரு முதுகலை ஆசிரியரும், 6 முதல் 10ஆம் வகுப்பு வரை தமிழ், கணிதப் பாடங்களில் தலா ஒரு பட்டதாரி ஆசிரியரும், 1 முதல் 5ஆம் வகுப்பு வரை இரண்டு இடைநிலை ஆசிரியர்களும் தேவைப்படுகின்றனர். முதுகலை ஆசிரியருக்கு உரிய பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் இருத்தல் வேண்டும். பட்டதாரி ஆசிரியர் பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும், இடைநிலை ஆசிரியர் தொடக்கக் கல்விப் பட்டயம் பெற்று முதல் தாளிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்.

மாத ஊதியம் அனுபவத்திற்கேற்ப முதுகலை ஆசிரியருக்கு ரூ.30,000 முதல் ரூ.42,000 வரையும், பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.24,000 முதல் ரூ.34,000 வரையும், இடைநிலை ஆசிரியருக்கு ரூ.18,000 முதல் ரூ.26,000 வரையும் வழங்கப்படும். வருங்கால வைப்பு நிதியும் உண்டு. மே மாதம் உட்பட ஆண்டின் 12 மாதங்களுக்கும் முழு ஊதியம் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். அசல் சான்றிதழ்கள் சரிபார்க்கப்பட்ட அன்றே திருப்பித் தரப்படும். அவற்றைப் பள்ளியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை. மாணவர் சேர்க்கைக்காக ஆசிரியர்களை வீடு வீடாக அனுப்புவதும் இல்லை.

தெரிவு பெரும்பாலும் மாதிரி வகுப்பைப் பொறுத்தே அமையும். மார்ச் 28, சனிக்கிழமை காலை 9.30 மணி முதல், எங்கள் மாணவர்களுக்கே 20 நிமிடம் பாடம் நடத்த வேண்டும். பாடத்தலைப்பு இரண்டு நாள் முன்னதாகத் தெரிவிக்கப்படும். ஆங்கிலச் சரளத்தையோ கரும்பலகைக் கையெழுத்தையோ மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை. பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை கேட்டால், ‘விதி அப்படித்தான்’ என்று கடந்து போகாமல், ஒரு காகிதத்தை மடித்துக் காட்டியாவது அதற்குப் புரியவைக்க முயல்பவரையே நாங்கள் தேடுகிறோம். தவறான விடை சொன்ன பிள்ளையை அவர் எப்படி உட்கார வைக்கிறார் என்பதும் எங்களுக்கு முக்கியம். வகுப்பு முடிந்ததும் பாட ஆசிரியர்களுடன் 10 நிமிடக் கலந்துரையாடல் நடைபெறும். புதிதாகப் பணிக்கு வருவோரும் தயக்கமின்றி விண்ணப்பிக்கலாம்.

கைப்பட எழுதிய விண்ணப்பத்துடன் தன்விவரக் குறிப்பு, சான்றிதழ் நகல்கள், ஒரு புகைப்படம் ஆகியவற்றை இணைத்து, மார்ச் 18, புதன்கிழமை மாலை 4 மணிக்குள் பள்ளி அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்கலாம். அல்லது அந்நாளுக்குள் வந்து சேருமாறு பதிவுத் தபாலில் அனுப்பலாம். மாதிரி வகுப்புக்கு அழைக்கப்படுவோர் அசல் சான்றிதழ்களுடன் வர வேண்டும். வெளியூரிலிருந்து வருவோருக்குப் பேருந்துக் கட்டணம் வழங்கப்படும்.

தாளாளர், முதல்வர்
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்