தை முகூர்த்தக் கூரைப்புடவை: செப்டம்பர் 30-க்குள் தறியில் ஏற்றிவிடலாம்

வணக்கம்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் உள்ள நம் கடையிலிருந்து எழுதுகிறோம். ஆவணிக் கல்யாணங்களே இன்னும் முடியவில்லை, அதற்குள் தை பற்றி என்ன பேச்சு என்று தோன்றலாம். ஆனால் தையில் முகூர்த்தம் வைத்திருக்கும் வீடுகளுக்குக் கூரைப்புடவை வேலை தொடங்க வேண்டிய நேரம் இதுதான்.

போன தையில் நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள். கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் பார்டர். புடவை ஒரே பார்வையில் அமைந்துவிட்டது. இரண்டு கையும் நிறைய ஆரி வேலை செய்த ஜாக்கெட் கேட்டாள். செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். எட்டு நாளில் அதை நன்றாகச் செய்து தர முடியாது என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் முகம் வாடியதைப் பார்த்தோம். சாதா ஜாக்கெட்டோடுதான் மணையில் உட்கார்ந்தாள். இந்த வருடம் யாரிடமும் அப்படிச் சொல்லக் கூடாது என்றுதான் இவ்வளவு முன்னதாக எழுதுகிறோம்.

தறியில் நேரம் எங்கே போகிறது என்று சொல்கிறோம். நீங்கள் நிறமும் டிசைனும் முடிவு செய்த பிறகு பட்டு நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். அப்புறம் பாவு, அதாவது புடவையின் நீளவாக்கில் ஓடும் நூல். பாவைத் தெருவில் நீளமாக விரித்து இழை இழையாகச் சீர் பார்க்கும் வேலையைப் பிள்ளையார்பாளையம் பக்கம் விடிகாலையில் போனால் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாய நூல் சீக்கிரம் காயாது, தெருவில் பாவும் விரிக்க முடியாது. அதனால்தான் மழைக்கு முன்பே பாவு தறியில் ஏறிவிட வேண்டும் என்கிறோம்.

உடலும் பார்டரும் வேறு வேறு நிறம் என்றால் அது கோர்வை. நெசவாளர் ஒரு பக்கம் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுவார், பார்டர் நாடாவை வாங்கித் திருப்பித் தர இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். முந்தியும் வேறு நிறம் என்றால் பேட்னி போட வேண்டும். உடல் பாவின் இழைகளோடு முந்தியின் புது நிற இழைகளைக் கையாலேயே சேர்க்கும் வேலை அது. ஆயிரக்கணக்கான இழை. உதவிக்கு உட்காருபவர் ஒரு நாள் வரவில்லை என்றால் தறி அன்று நின்றுவிடும். இதை வேகப்படுத்தச் சொல்லி நாங்கள் கேட்பதில்லை, கேட்டால் புடவைதான் கெடும்.

ஆகவே கணக்கு இதுதான். சொல்லி நெய்யும் கோர்வைப் புடவைக்கு 60 நாள், மழையையும் தீபாவளி விடுமுறையையும் சேர்த்தால் 70 நாள். செப்டம்பர் 30-க்குள் சொன்னால் டிசம்பர் 10-ல் புடவை உங்கள் கையில் இருக்கும். கடையில் தயாராக உள்ள புடவையை எடுப்பவர்களும் நவம்பர் 15-க்குள் எடுத்துவிட்டால் ஜாக்கெட்டுக்குத் தாராளமாக நேரம் கிடைக்கும்.

ஜாக்கெட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கடைசி நேரத்தில் கண்ணீர் வருவது பெரும்பாலும் இதில்தான்.

ஆரி வேலை சேர்ந்த ஜாக்கெட்டுக்கு, ட்ரையலோடு சேர்த்து 25 நாள். சாதா ஜாக்கெட்டுக்கு லைனிங்கோடு 7 வேலை நாள். லைனிங் துணியை நனைத்துக் காய வைத்த பிறகே வெட்டுகிறோம். இல்லையென்றால் முதல் சலவையில் அது சுருங்கி, மேல் பட்டு இழுத்துக்கொள்ளும். ஆரி ஜாக்கெட் ஆர்டர் டிசம்பர் 10 வரைதான், அதற்கு மேல் யார் கேட்டாலும் எடுக்க மாட்டோம். பொங்கலுக்கு எங்கள் தையல்காரர்கள் ஊருக்குப் போவார்கள். ஜனவரி 13 முதல் 18 வரை தையல் பிரிவு இருக்காது. தை முதல் வாரத்தில் கல்யாணம் என்றால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு ஜாக்கெட் கொண்டு வருகிறீர்களா? கடைசி ஆறு மாதத்தில் போட்டதாக இருக்கட்டும். கல்லூரி விழாவுக்குத் தைத்த பழையதைக் கொடுத்தால் மறுபடி பிரித்துத் தைக்க வேண்டி வரும். மணப்பெண் நேரில் வந்து அளவு கொடுப்பது இன்னும் நல்லது. கல்யாண வேலை அலைச்சலில் உடம்பு இளைப்பதும் உண்டு, விருந்துச் சாப்பாட்டில் கொஞ்சம் கூடுவதும் உண்டு. அதனால் இரு பக்கத் தையலிலும் உள்ளே ஒரு இஞ்ச் துணி விடுகிறோம். ஆரி வேலையைப் பக்கத் தையல் வரை கொண்டு போகாமல் ஒரு இஞ்ச் முன்பே நிறுத்திவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். வேலை குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், முத்தும் ஜரிகையும் அறுபடாமல் பிடிக்கவும் விடவும் இருக்கும் இடம் அது.

பக்கம், கை, இடுப்பு ஆகியவற்றைத் திருத்த மூன்று நாள் போதும். கழுத்து இறங்கிப் போனால் மட்டும் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கழுத்தை வெட்டும் முன் பேப்பரில் வரைந்து உங்களிடம் காட்டுவோம், தயவுசெய்து அவசரப்படாமல் பாருங்கள். ட்ரையலை முகூர்த்தத்துக்கு 15 நாள் முன்பும், கடைசித் திருத்தத்தை 7 நாள் முன்பும் முடித்துவிடுவது நல்லது.

இன்னொன்று. புடவையோடு வரும் ஜாக்கெட் துணி 80 சென்டிமீட்டர்தான். முழங்கை வரை கை, அதில் முழு பார்டர் என்று ஆசை இருந்தால் சில பேருக்கு அது போதாது. தறியில் சொல்லும்போதே ஒரு மீட்டராகக் கேளுங்கள். நெய்து முடித்த பிறகு அதே நிறத்தில், அதே பார்டரில் தனித் துணி கிடைக்காது. மடிசாருக்கு ஒன்பது கெஜம் வேண்டும் என்றாலும் அன்றே சொல்ல வேண்டும்.

இப்போது சலுகை. செப்டம்பர் 30-க்குள் பதிவு செய்யும் கூரைப்புடவைக்கு ஃபால்ஸ், ஓரம் அடித்தல், முந்திக் குச்சம் மூன்றும் இலவசம். சாதா ஜாக்கெட் என்றால் தையல் கூலி கிடையாது, ஆரி என்றால் கூலியில் 10 சதவீதம் குறைவு. அதே பில்லில் நாத்தனார் புடவை, அம்மா, மாமியார் புடவைகள் எடுத்தால் அவற்றுக்கும் ஃபால்ஸும் ஓரமும் எங்கள் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன் எத்தனை முறை திருத்தக் கேட்டாலும் பணம் வாங்க மாட்டோம். முன்பணம் 40 சதவீதம். ஜரிகை எந்த வகை என்பது பில்லில் எழுதப்பட்டிருக்கும், சில்க் மார்க் சீட்டும் உண்டு.

நல்ல நாள் பார்த்துப் புடவை எடுப்பவர்கள்தான் அதிகம். வளர்பிறை வெள்ளிக்கிழமைகளில் மாடியில் உட்காரக்கூட இடம் இருக்காது. ஒரு புடவையை விரித்துத் தோளில் போட்டுப் பார்க்க நிதானம் வேண்டும். அதனால் குடும்பத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, காலை 10 மணி, மதியம் 2 மணி, மாலை 5 மணி என மூன்று நேரம் வைத்திருக்கிறோம். உங்கள் நல்ல நேரம் இதற்கு ஒத்துவராவிட்டால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். பெரியவர்களை அழைத்து வந்தால் படியேற வேண்டாம், கீழேயே புடவைகளைக் கொண்டு வந்து காட்டுவோம்.

முகூர்த்தத் தேதி, எத்தனை பேருக்குப் புடவை, ஆரி வேலை உண்டா இல்லையா, இந்த மூன்றையும் இதே வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். உங்கள் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, புடவை என்று, அளவு என்று, ட்ரையல் என்று என எல்லா நாளையும் எழுதி அன்று மாலைக்குள் பதில் அனுப்புகிறோம்.