திரியைத் தொடாத தீ: 42 நொடி செங்குத்து வீடியோ, படப்பிடிப்பு ஸ்கிரிப்ட்

0–3 நொடி

படம்: முதல் ஃப்ரேமிலேயே, அப்போதுதான் அணைந்த மெழுகுவர்த்தியின் திரியிலிருந்து வெள்ளைப் புகை எழுந்துகொண்டிருக்க வேண்டும். ஊதி அணைப்பதைக் காட்ட வேண்டாம், அதுவே ஒரு நொடியைத் தின்றுவிடும். கறுப்புப் பின்னணி, பின்பக்கம் ஒரே ஒரு விளக்கு; அப்போதுதான் புகை கோடாகத் தெரியும். எரியும் தீக்குச்சி மேலிருந்து வந்து, திரிக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே நிற்கிறது. தீ புகை வழியே கீழே பாய்கிறது. பாதி வழியில், தீ அந்தரத்தில் தொங்கும்போது ஃப்ரீஸ்.

எழுத்து: தொடவே இல்லை!

குரல்: "குச்சி திரியைத் தொடவில்லை. தீ எப்படி இறங்குகிறது?"

ஒலி: தீ பற்றும் 'புஸ்' மட்டும். இசை, லோகோ, வணக்கம் எதுவும் கிடையாது.

(முதல் வரைவில் "மெழுகுவர்த்தி எப்படி எரிகிறது தெரியுமா?" என்று தொடங்கியிருந்தேன். பரீட்சைக் கேள்வி மாதிரி இருந்தது. படித்துப் பார்த்தபோது என் விரலே மேலே தள்ளப் போனது.)

3–9 நொடி

படம்: ஃப்ரீஸ் விலகி, திரி பற்றுகிறது. உடனே அதே ஷாட் ஸ்லோமோவில், நொடிக்கு 240 ஃப்ரேம்.

குரல்: "நடுவில் நூல் இல்லை, எடிட் வேலையும் இல்லை. அந்தப் புகைதான் வழி."

9–27 நொடி

படம்: திரியின் அடியில் உருகி நிற்கும் மெழுகு, மிக நெருக்கத்தில். கட் அதிகம் வேண்டாம். இங்கே பார்வையாளர் குரலைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

குரல்: "எரிவது திரி என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் எரிவது மெழுகு. அதுவும் கட்டியாக அல்ல. உருகிய மெழுகு திரியில் ஏறி, சூட்டில் ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. ஊதி அணைத்தாலும் திரி சூடாக இருக்கும்வரை ஆவி வரும். காற்றில் குளிர்ந்து புகையாகத் தெரிவது அந்த மெழுகுதான்."

எழுத்து: புகை = எரியாத மெழுகு

27–35 நொடி

படம்: சுடர் மட்டும். பழைய ஓவியம் எதையும் ஒட்ட வேண்டாம்.

குரல்: "1860–61 கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு இதைச் செய்து காட்டினார்."

35–42 நொடி

படம்: இப்போதுதான் ஊதுகிறோம். புகை எழுகிறது. கடைசி ஃப்ரேமில் புகை இருக்கும் உயரம் முதல் ஃப்ரேமோடு பொருந்த வேண்டும்.

எழுத்து: பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்

குரல்: "ஊதுங்கள். புகை கலைவதற்குள் குச்சியை அதில் காட்டுங்கள். அப்புறம்…"

(வாக்கியம் முடியாது. வீடியோ தானாக முதலுக்குப் போய், தீ இறங்கும்.)

கேமரா, எடிட்டிங் கவனத்துக்கு

மின்விசிறி ஓடினால் புகை கலைந்துவிடும், நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். 1080×1920. எழுத்துகள் மேல்பாதியில் இருக்கட்டும். கீழேயும் வலது ஓரத்திலும் செயலியின் பட்டன்கள் மறைத்துவிடும். ஒலியை அணைத்துப் பார்ப்பவர்களுக்காகக் குரல் முழுவதும் வசன எழுத்தாகவும் வேண்டும். 0–3 ஷாட்டுக்கு மட்டும் குறைந்தது இருபது டேக் எடுங்கள். தீ நேராக இறங்கும் டேக்தான் வேண்டும்.